காய்ந்த உடம்போடும் ஏன் உதறுகிறான்?

ஜெலுத்தோங் கவிதா | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு மணிக்கு நான்கு வயது. கம்போங் நாய், கறுப்பு, 14 கிலோ இருப்பான். குளிப்பாட்டியதும் தலையில் இருந்து வால் வரை உதறி என்னையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிடுவான். அது எல்லா நாயும் செய்வதுதான், எனக்குச் சந்தேகம் அதில் இல்லை.

ஒரு சொட்டு ஈரம் கூட இல்லாதபோதும் அதே மாதிரி உதறுகிறான். போன வாரம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனோம். மேசையில் சிலை மாதிரி நின்றான். கீழே இறக்கிவிட்டதும் ஒரு பெரிய உதறல். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பேரன் கட்டிப் பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போனாலும் ஒன்று. தெருமுனை வீட்டு கேட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய நாயைக் கடந்து வந்ததும் இன்னொன்று.

என் மாமியார், "பயத்தில் நடுங்குது, மந்திரிச்சுக் கயிறு கட்டு" என்கிறார். கணவர் தோல் வியாதி என்கிறார். தோலைப் பார்த்துவிட்டேன், உண்ணி இல்லை, புண் இல்லை. இது என்ன?

---

செந்தூல் ராஜா | சனி, இரவு 9.40

சிஸ்டர், கவலைப்படாதீர்கள். குளித்ததும் உதறுவது குளிருக்காக. நாம் குளிரில் உடம்பை நடுக்கிச் சூடு ஏற்றுகிறோம் இல்லையா, அதேதான். பயத்தில் உதறுவது வேறு. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும், உதறினால் அது வெளியே போய்விடும். ஒரு உதறு, டென்ஷன் காலி. நான் இணையத்தில் படித்தது.

இன்னொன்று. தாத்தா எஸ்டேட்டில் இருந்த காலத்தில் முனியாண்டி கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன் மஞ்சள் தண்ணீரை அதன் கழுத்திலும் முதுகிலும் ஊற்றுவார்களாம். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு. "துலுக்கிருச்சு, வெட்டு" என்பார்களாம். ஆடும் உதறும், நாயும் உதறும். எல்லாம் குளிர்தான்.

---

பத்துமலை பாபு | சனி, இரவு 10.05

எங்கள் டாமிக்கும் இதே பிரச்சினை! 12 வயது. உட்கார்ந்திருக்கும்போதே பின்னங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். சில நாள் அரை மணி நேரம். குளிப்பாட்டினாலும் நடுங்கும், குளிப்பாட்டாவிட்டாலும் நடுங்கும். ராஜா அண்ணன் சொன்ன மாதிரி டென்ஷன் வெளியே போகிறது என்று விட்டுவிடலாமா?

---

வாசுகி (கத்தரி to கிளினிக்) | சனி, இரவு 11.20

பாபு தம்பி, விட்டுவிடாதீர்கள். உங்களுடையது கவிதா கேட்டது இல்லை.

நான் எட்டு வருடம் குரூமிங் கடையில் இருந்தேன், இப்போது ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளர். தினமும் இரண்டையும் பார்க்கிறேன். உதறல் என்பது நாய் நின்று, கால்களை ஊன்றி, தலையில் ஆரம்பித்து வால் வரை ஓட்டி முடிக்கும் ஒரு காரியம். ஒன்றிரண்டு வினாடி, கூடிப்போனால் நான்கு. முடிந்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நடுக்கம் சின்னச் சின்னதாக வரும், நாய் படுத்திருந்தாலும் வரும், நிமிடக் கணக்கில் நீளும், அதற்கு ஆரம்பம் முடிவு என்று இருக்காது. குளிர், பயம், வலி, காய்ச்சல், வயதான நாயின் தசைத் தளர்ச்சி, எதில் இருந்து வேண்டுமானாலும் வரலாம். 12 வயதில் பின்னங்கால் மட்டும் நடுங்குகிறது என்றால் இடுப்பையும் முதுகையும் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வாரமே கொண்டுபோங்கள். அது நடுங்குவதை ஒரு நிமிடம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்கு வந்ததும் பாதி நாய்கள் நல்ல பிள்ளையாகிவிடும், டாக்டருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

ராஜா அண்ணே, உங்கள் கிடா கதை அருமை, ஆனால் நீங்கள் சொன்ன காரணம் பாதிதான் சரி. குளிருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஈரம் காயக் காய உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதற்கு முன் தண்ணீரைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஆனால் உதறிச் சூடு ஏற்றுவதில்லை. நாயைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டுங்கள், செந்தூல் வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குக் குளிப்பாட்டுங்கள், அப்போதும் உதறும். அட்ரினலின் வெளியே போகும் கதையை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார் | ஞாயிறு, காலை 7.30

பெளதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். நாய் வளர்க்கவில்லை, பேத்தி வளர்க்கிறாள். இந்த உதறலைப் பற்றி ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிக்கர்சன், டேவிட் ஹூ ஆகியோர் 2012இல் வெளியிட்டது. சுண்டெலி முதல் கரடி வரை 16 வகைப் பிராணிகளை நனைத்து, வேகமாகப் படம் எடுக்கும் கேமராவில் பார்த்தார்கள். உடம்பு சிறுக்கச் சிறுக்க வேகமாக உதற வேண்டியிருக்கிறது. சுண்டெலி வினாடிக்கு ஏறத்தாழ 30 முறை, நாய் நான்கைந்து முறை, கரடி நான்கு முறை.

காரணம் எளிது. ரோமத்தில் ஒட்டிய நீர்த்துளியைப் பிய்த்து எறிய, அதைச் சுழற்றி வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். உடம்பு பருமனாக இருந்தால் ஒரே சுழற்சியில் தோல் அதிக தூரம் ஓடும், இழுப்பு தானாகக் கிடைத்துவிடும். ஒல்லியான எலிக்கு அந்த வசதி இல்லை, ஆகவே வேகத்தால் ஈடுகட்டுகிறது.

இதில் என்னை வியக்க வைத்தது தோல். நாயின் முதுகெலும்பு இரண்டு பக்கமும் 30 பாகை அளவுதான் திரும்புகிறது. அதன் மேல் தொளதொளவென்று கிடக்கும் தோலோ 90 பாகை வரை போய் வருகிறது. சட்டை பெரிதாக இருந்தால் நாம் திரும்பி நின்ற பிறகும் சட்டை சுற்றிக்கொண்டு போகும் அல்லவா, அந்த மாதிரி. அதே நேரத்தில் மூன்று மடங்கு தூரம் என்றால் மூன்று மடங்கு வேகம். வெளியே இழுக்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆக ஒன்பது மடங்கு.

கவிதா, உங்கள் போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கும் வசதி இருந்தால் மணி உதறுவதை எடுத்து அனுப்புங்களேன். மார்புச் சுற்றளவும் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

---

குட்டி அம்மு | ஞாயிறு, காலை 8.02

சார், நாய் மூன்று மீட்டர் தள்ளி இருந்தாலும் நம் பக்கத்தில் வந்து நின்றுதான் உதறுகிறதே, அதற்கு ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

---

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார் | ஞாயிறு, காலை 8.15

அதற்குச் சூத்திரம் இல்லை அம்மா, துண்டுதான் இருக்கிறது.

---

வாசுகி (கத்தரி to கிளினிக்) | ஞாயிறு, பிற்பகல் 1.45

அம்மு, நாய் உங்களைத் தேடி வந்து உதறவில்லை. நீங்கள் அதன் தலையைப் பிடித்திருந்த வரைக்கும் உதற முடியவில்லை, விட்டதும் உதறுகிறது. நீங்கள் அப்போது பக்கத்தில்தானே இருப்பீர்கள்.

குரூமிங் கடையில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். உதறல் எப்போதும் தலையில்தான் ஆரம்பிக்கும். முகவாயை லேசாகத் தாங்கிப் பிடித்தால், அல்லது மூக்குக்கு மேல் இரண்டு விரலை வைத்துத் தலை சுழலாமல் நிறுத்தினால், உடம்பு உதறாது. சாம்பு தேய்க்கும்போது அதனால்தான் ஒரு கை எப்போதும் தலைப் பக்கம் இருக்கும். இன்னொரு பழக்கம், தண்ணீரைப் பின்பக்கத்தில் இருந்து ஊற்றிக்கொண்டு வந்து கழுத்தையும் தலையையும் கடைசியில் நனைப்பது. தலையை முதலில் நனைத்தால் குளியல் முடியும் வரை உதறிக்கொண்டே இருக்கும். இடுப்பில் எவ்வளவு ஊற்றினாலும் சும்மா நிற்கும் நாய், பிடரியில் நாலு சொட்டு விழுந்ததும் ஆரம்பித்துவிடும்.

ராஜா அண்ணே, உங்கள் தாத்தா ஊர்ப் பூசாரிகளுக்கும் அது தெரிந்திருக்கிறது பாருங்கள். கால் குளம்பில் ஊற்றவில்லை, கழுத்திலும் முதுகிலும் ஊற்றினார்கள்.

இதற்குக் காரணமான நரம்பை 2024இல் கண்டுபிடித்தார்கள். ஹார்வர்டில் டேவிட் கிண்டி என்பவரின் ஆய்வுக்கூடம். சுண்டெலியின் பிடரியில் எண்ணெய்ச் சொட்டு வைத்தால் அது உதறும். ரோமத்தின் வேரைச் சுற்றி, மிக மெல்லிய தொடுதலை உணரும் ஒருவகை நரம்பு இருக்கிறது. அந்த நரம்பை இல்லாமல் செய்தபோது எலிகள் உதறுவது நன்றாகக் குறைந்தது. தண்ணீரே இல்லாமல் அந்த நரம்பை மட்டும் ஒளியால் தூண்டியபோது காய்ந்த எலி உதறியது. எங்கள் டாக்டர் இதைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக, நாய் "நனைந்துவிட்டோம், உதற வேண்டும்" என்று யோசித்து உதறுவதில்லை. ரோம வேரில் ஏதோ ஊர்கிறது, அது தண்ணீரோ எண்ணெயோ பூச்சியோ, உதறு. அவ்வளவுதான்.

இனி அட்ரினலின். அண்ணே, இரத்தத்தில் ஓடுகிற ஒன்றை உடம்பை ஆட்டி வெளியே தள்ள முடியாது. மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் என்கிற இன்னொன்று இறங்கப் பல நிமிடங்கள் பிடிக்கும், ஒரு வினாடி உதறலில் அது எங்கும் போகாது. ஆனால் அழுத்தத்துக்கும் உதறலுக்கும் உறவு உண்டு என்பது உண்மை. 1990களின் இறுதியில் நெதர்லாந்தில் நாய்களைத் திடீர்ச் சத்தம், திடீரென விரியும் குடை, ஆள் பிடித்து அமுக்குவது என்று பலவிதமாகச் சோதித்தார்கள். பக்கத்தில் ஆள் இருந்து, அவர் கையால் தொல்லை வந்தபோது, நாய்கள் உடம்பை உதறின, கொட்டாவி விட்டன, நாக்கால் உதட்டை நக்கின. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத சத்தத்துக்கு ஒடுங்கிக் குனிந்தன.

கவிதா, உங்கள் மணி தடுப்பூசி மேசையில் உதறவில்லை, இறங்கியதும்தான் உதறினான் என்று எழுதியிருந்தீர்கள். கவனிக்க வேண்டியது அதுதான். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் தொல்லை முடிந்த பிறகுதான் உதறல் வரும். ஒரு வாரம் எழுதி வையுங்கள். எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, தலை மட்டுமா முழு உடம்பா. இந்த மூன்றும் போதும்.

---

செந்தூல் ராஜா | ஞாயிறு, மாலை 6.10

சரி அக்கா, அட்ரினலினை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. தண்ணீரை எறிய இருக்கும் இயந்திரம், தண்ணீரே இல்லாத இடத்தில் எதற்கு ஓடுகிறது?

---

வாசுகி (கத்தரி to கிளினிக்) | ஞாயிறு, இரவு 10.30

நல்ல கேள்வி அண்ணே. எனக்கு இரண்டு விதமாகத் தோன்றுகிறது.

ஒன்று, பயந்த நாய்க்கு முதுகு மயிர் எழுந்து நிற்கும், தோல் இறுகும். தொல்லை போனதும் மயிர் படியும்போது அந்த வேர்களில் எல்லாம் கூச்சம் வரும், அந்தக் கூச்சமே உதறலைக் கிளப்பும். கட்டிப் பிடித்துக் கலைத்த ரோமத்துக்கும் இது பொருந்தும். குளியலுக்கு என்ன வழியோ அதே வழி.

இன்னொன்று, உதறல் உடம்புக்குள் தயாராக இருக்கும் ஒரு ஆட்டம், அதைக் கிளப்பத் தோல்தான் வேண்டும் என்று இல்லை. அபின் வகை மருந்துக்குப் பழகிப்போன எலிக்கு அந்த மருந்தை நிறுத்தினால், காய்ந்த எலி, ஈர நாய் மாதிரி உதறும். ஆய்வுக்கூடத்தில் அதற்கு "ஈர நாய் உதறல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே தோலில் ஒன்றும் ஊரவில்லை, கட்டளை மூளையில் இருந்து வருகிறது. அழுத்தம் இறங்கும்போதும் அந்த மாதிரி மேலே இருந்து ஒரு கட்டளை வரலாம்.

எது சரி என்று என்னைக் கேட்டால் இரண்டும் கலந்துதான் இருக்கும் என்பேன். வாத்தியார் சண்டைக்கு வருவார்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார் | திங்கள், காலை 7.10

வருகிறேன். "இரண்டும் கலந்து" என்பது பரீட்சையில் விடை தெரியாத பையன் எழுதுவது. முதல் காரணம் சரி என்றால் குட்டை ரோம நாயைவிட அடர்ந்த ரோம நாய் அதிகமாக உதற வேண்டும், யாரும் தொடாமல் பயந்த நாய் குறைவாக உதற வேண்டும். யாராவது எண்ணினார்களா?

---

வாசுகி (கத்தரி to கிளினிக்) | திங்கள், காலை 7.55

எண்ணவில்லை சார். ஆனால் ரோமம் குறைந்த டாபர்மேன் கூட மேசையில் இருந்து இறங்கியதும் அழகாக உதறும். உங்களுக்கு ஒரு மார்க் குறைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் குறைத்துக்கொள்ளுங்கள்.

---

ஜெலுத்தோங் கவிதா | செவ்வாய், இரவு 8.50

வாத்தியார் சார், வீடியோ எடுத்தேன். வினாடிக்கு 240 படம். ஒரு பக்கம் போய் மறுபக்கம் போய் திரும்ப வர 52 படங்கள். மார்பில் குறுக்களவு 20 சென்டிமீட்டர் இருக்கும்.

அப்புறம் ஒரு விளையாட்டும் விளையாடினோம். கணவர் மணியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறினார், பிறகு தனியாக ஏறினார். குளிக்கும் முன் மணி 14.2 கிலோ. குளித்ததும் 14.9. குளியலறையிலேயே மூன்று முறை உதறினான், அப்புறம் 14.6. எழுநூறு கிராம் தண்ணீரில் முந்நூறுதான் போயிருக்கிறது. பாதிகூட இல்லை. உதறலைப் பற்றி இவ்வளவு பேசினீர்களே!

---

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார் | செவ்வாய், இரவு 9.35

முதலில் கணக்கு. 240ஐ 52ஆல் வகுத்தால் வினாடிக்கு 4.6 முறை. அந்த ஆராய்ச்சியில் நாய்க்குச் சொன்ன அளவுக்குள்தான் மணி இருக்கிறான். தோல் இரண்டு பக்கமும் 90 பாகை போகிறது என்று வைத்துக்கொண்டால், நடுவில் கடக்கும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் நாலரை மீட்டர். மார்பின் ஆரம் 10 சென்டிமீட்டர். நீர்த்துளியை வெளியே இழுக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 21 மடங்கு வருகிறது. அதே மணிக்குத் தோல் எலும்போடு ஒட்டி, 30 பாகை மட்டும் திரும்பினால், இரண்டேகால் மடங்குதான். அந்த இழுப்பில் பெரிய சொட்டு மட்டும் விழும், ரோமத்துக்குள் இருப்பது நகராது. ஆக எறிவது தொளதொளத் தோல்தான். இத்தனை விசையில் கண்ணைத் திறந்து வைத்தால் ஆபத்து, வீடியோவில் பாருங்கள், மூடியிருப்பான்.

எடைக்கு வருவோம். அந்த ஆராய்ச்சி நாய் சில வினாடிகளில் சுமார் 70 சதவீதத் தண்ணீரை எறியும் என்கிறது. உங்களுக்கு 43 தான். இரண்டு சந்தேகம். கணவரின் சட்டை நனைந்திருக்கும், ஒவ்வொரு முறையும் அவரைத் தனியாக எடை போட்டீர்களா, அல்லது முதலில் போட்டதையே கழித்தீர்களா? இரண்டாவது, மணி எங்கே நின்று உதறினான்?

---

ஜெலுத்தோங் கவிதா | செவ்வாய், இரவு 9.52

சட்டைக்கு ஒவ்வொரு முறையும் போட்டோம் சார், அவருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும். மணி குளியலறை டைல்ஸில் நின்றான். கழுத்துப்பட்டையை நான் பிடித்திருந்தேன், ஓடிவிடுவான் என்று.

---

வாசுகி (கத்தரி to கிளினிக்) | செவ்வாய், இரவு 10.15

அதுதான் விஷயம். சாம்பு கலந்த ஈர டைல்ஸில் நாய்க்குக் காலூன்ற முடியாது. உதறல் தலையில் இருந்து பின்பக்கம் வர வர இடுப்பு சுழலும். அந்த நேரத்தில் கால் வழுக்கினால் நாய் பாதியில் நிறுத்திவிடும். பட்டையைப் பிடித்தால் தலையும் முழுசாகச் சுழலாது. அடுத்த முறை போர்ச்சில் ரப்பர் பாய் விரித்து, கேட்டைப் பூட்டிவிட்டு, பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

பாதியில் நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. பாயில் நிற்கும்போதும் உதறல் தோளோடு நின்று, இடுப்பும் வாலும் சும்மா இருந்தால், நான் அந்த நாயின் முதுகில் வலி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பேன். பாபு தம்பி, டாமி உதறும்போது வால் வரை போகிறதா?

---

குட்டி அம்மு | புதன், காலை 6.40

எங்கள் காக்கர் ஸ்பானியல் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது நாள் முழுக்கத் தலையை மட்டும் உதறும். காது இரண்டும் கன்னத்தில் பட்டுப் பட்டென்று சத்தம் வரும். நாங்கள் அழகு என்று வீடியோ எடுத்துப் போட்டோம், லைக் குவிந்தது. பத்து நாள் கழித்துக் காது மடல் தோசை மாதிரி உப்பிவிட்டது. உள்ளே இரத்தம். காதுக்குள் தொற்று, அந்த அரிப்பில் உதறி உதறி மடலுக்குள் இரத்தக்குழாய் உடைந்துவிட்டதாம். அறுத்து, இரத்தத்தை எடுத்து, தையல் போட்டார்கள். செலவு நானூறு வெள்ளிக்கு மேல். காது இப்போதும் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கிறது. லைக் எதற்கும் உதவவில்லை.

---

பத்துமலை பாபு | புதன், இரவு 9.20

அக்கா, டாமி இப்போதெல்லாம் முழு உதறலே உதறுவதில்லை. குளிப்பாட்டினால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிறேன்.

---

ஜெலுத்தோங் கவிதா | ஞாயிறு, இரவு 9.05

ஒரு வாரக் கணக்கு. பாயில் குளித்த கதை முதலில். காய்ந்த மணி 14.2, நனைந்த மணி 14.9, இரண்டு நல்ல உதறலுக்குப் பிறகு 14.4. சார், 700இல் 500!

உதறலை எழுதி வைத்தேன். காய்ந்த உடம்போடு மொத்தம் 19 முறை. இதில் 11 முழு உடம்பு. பக்கத்து வீட்டுப் பேரன் கட்டிப்பிடித்துவிட்டுப் போனதும் நான்கு. தெருமுனை நாயைக் கடந்ததும் மூன்று. பட்டையைக் கழற்றியதும் இரண்டு, தூங்கி எழுந்ததும் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை, முடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி நடக்கிறான். ஒன்றுகூட பேரன் பிடித்திருக்கும்போது வரவில்லை. அப்போது வேறு பக்கம் பார்க்கிறான், நாக்கால் மூக்கை நக்குகிறான். நான் இதுவரை அதைக் கவனித்ததே இல்லை, "பாரு, எவ்வளவு பாசம்" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மீதி 8 தலை மட்டும். அதற்கு முன் எதுவும் நடக்கவில்லை. சும்மா படுத்திருப்பான், எழுந்து தலையை உதறுவான், இடது காதைக் காலால் சொறிவான்.

அத்தை சொன்ன நடுக்கத்தையும் இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. சீனப் புத்தாண்டின் எட்டாம் இரவு, விடிந்தால் ஹொக்கியன்காரர்களின் பெரிய நாளான ஒன்பதாம் நாள், எங்கள் பக்கம் நள்ளிரவில் பட்டாசு காதைப் பிளக்கும். அன்று மணி சாமி மேசைக்கு அடியில் மூன்று மணி நேரம் நடுங்கினான். ஒருமுறைகூட உதறவில்லை. காலையில் தெரு அடங்கியதும் போர்ச்சுக்கு வந்து, கால்களை அகட்டி வைத்து ஒரு உதறு உதறினான். அதையும் இதையும் ஒன்றாகவே நினைத்திருக்கிறோம்.

---

வாசுகி (கத்தரி to கிளினிக்) | ஞாயிறு, இரவு 9.48

பதினொன்றைப் பற்றிக் கவலை வேண்டாம். எட்டைப் பற்றி நாளைக்கே போங்கள். இடது காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த மாவு வாடை, பழுப்பு நிற மெழுகு, உள்ளே சிவப்பு, இதில் எது இருந்தாலும் தொற்றாக இருக்கலாம். பஞ்சுக் குச்சி விடாதீர்கள், அழுக்கை உள்ளே தள்ளிவிடும். இங்கே இருக்கும் புழுக்கத்தில் குளித்த ஈரம் காதுக்குள் நின்றால் பூஞ்சை சும்மா விடாது. உதறல் வெளிக்காதுத் தண்ணீரை எறியும், உள் வளைவில் தேங்கியதை முழுசாக எறியாது.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார் | திங்கள், காலை 7.05

500ஐ 700ஆல் வகுத்தால் 71 சதவீதம். ஆனால் உங்கள் எடைக் கருவி 100 கிராம் முன்னே பின்னே காட்டும், ஆகவே 71 என்று மார்தட்ட வேண்டாம், பாயில் டைல்ஸைவிட நன்றாக உதறினான் என்று மட்டும் சொல்லலாம். தூங்கி எழுந்து உதறும் இரண்டை வாசுகி எந்தக் கணக்கில் சேர்ப்பார்? அங்கே பயமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

---

வாசுகி (கத்தரி to கிளினிக்) | திங்கள், காலை 8.20

படுத்து நசுங்கிய ரோமம் சார். என் முதல் காரணத்துக்கு ஒரு மார்க் திருப்பித் தாருங்கள்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார் | திங்கள், காலை 8.31

அரை மார்க்.

---

பத்துமலை பாபு | செவ்வாய், இரவு 8.15

டாமிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டு இரண்டிலும் தேய்மானம். வலி மருந்து கொடுத்திருக்கிறார்கள், வீட்டு டைல்ஸ் முழுக்கப் பாய் விரிக்கச் சொன்னார்கள். நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

---

ஜெலுத்தோங் கவிதா | வியாழன், இரவு 9.30

இடது காதில் பூஞ்சை. வாசுகி அக்கா சொன்ன அதே வாடை. சொட்டு மருந்து இரண்டு வாரம். மூன்று நாளில் தலை உதறல் ஒன்றிரண்டுக்கு இறங்கிவிட்டது.

பேரனிடம், மணியே பக்கத்தில் வந்தால் மார்பில் தடவிக்கொடு, கட்டிப்பிடிக்காதே என்று சொல்லியிருக்கிறோம். நேற்றும் இன்றும் அவன் போன பிறகு உதறல் இல்லை. ஆனால் தெருமுனை நாயைக் கடந்ததும் இன்றைக்கும் ஒன்று. அத்தை கயிறு வாங்கி வந்துவிட்டார், கட்டிவிட்டோம். கட்டி முடித்ததும் அதற்கும் ஒரு உதறு உதறினான்.